இரவு ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பு: முதியோர் இல்லம், கீழ்மாடி வார்டு, பினாங்கு

அக்கா, முதலில் 4-ஆம் கட்டில் பாட்டி. டாக்டர் போன் வரும்வரை காலை இன்சுலின் போட வேண்டாம்.

விடியற்காலை 3.10-க்குச் சுற்றி வந்தபோது, மேலே காற்றாடி ஓடியும் சட்டைக் கழுத்து நனைந்து கிடந்தது. கூப்பிட்டதும் கண் திறந்தார், பேச்சு மட்டும் குழறியது. சர்க்கரை 3.2. விழுங்க முடிந்ததால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிடம் கழித்து 4.4, அப்புறம் பாலும் இரண்டு பிஸ்கட்டும். 6 மணிக்கு 6.3, பேச்சு தெளிவு.

இரவு ஒரே ஒரு இடியப்பம்தான் சாப்பிட்டாராம், ஊசி மட்டும் முழு அளவு. எவ்வளவு சாப்பிட்டார் என்று புத்தகத்தில் இல்லை. இனி ஊசிக்கு முன் தட்டைப் பார்த்துவிடுங்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டேன், 7.30-க்கு அவரே அழைப்பார். பசியாறலுக்கு முன்னும் 10 மணிக்கும் சர்க்கரை பார்க்கணும். பாட்டி பிசோப்ரோலோல் எடுப்பதால் கை நடுக்கம், படபடப்பு வெளியே தெரியாமல் போகலாம். வியர்வையையும் பேச்சையும் கவனியுங்கள். 4-க்குக் கீழே போனால் மறுபடி சீனித் தண்ணீர். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 999. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை, டாக்டர் பேசியதும் நீங்கள் சொல்லுங்கள்.

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் 11 தான் மிச்சம். எல்லாருக்கும் பார்த்தால் இன்றிரவுக்கே பற்றாது. மதியத்துக்குள் வாங்கியாக வேண்டும்.

7-ஆம் கட்டில் தாத்தா: வலது இடுப்பில் ஐம்பது காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை, தோல் கிழியவில்லை. 5 மணிக்கு இடது பக்கம் திருப்பினேன். 7 மணிக்கு மல்லாக்க, அப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி. வலது பக்கம் வேண்டவே வேண்டாம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், தைலமும் கூடாது. சிவப்பு போகிறதா என்று இன்று யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் பிடித்தால்தான் புண் ஆகாது.

2-ஆம் கட்டில் ஐயாவுக்குச் சிறுநீர்ப் பையில் இரவு 10 முதல் 6 வரை 180 மில்லிதான், கலங்கலாக இருக்கிறது. குழாய் மடங்கவில்லை, பை கீழேதான் தொங்குகிறது. காய்ச்சல் இல்லை, 36.9. தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். 10 மணிக்கும் இப்படியே இருந்தால், அல்லது குளிர் நடுக்கம் வந்தால், டாக்டருக்குச் சொல்லுங்கள்.

9-ஆம் கட்டில் அம்மாவுக்கு பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் கண் கிளினிக், 8.30. வேன் 7.15-க்கு. ஐசி, கார்டு, மருந்துப் பட்டியல் எல்லாம் பச்சைப் பையில். மகன் அங்கே வந்துவிடுவார்.

பின் குளியலறைக் குழாய் ஒழுகித் தரை வழுக்குகிறது. கதவைப் பூட்டிவிட்டேன். 5-ஆம் கட்டில் தாத்தா பழக்கத்தில் அங்கேதான் போவார், இரவே இரண்டு தடவை கைபிடித்து முன்பக்கம் கூட்டிப்போனேன். பைப் ஆள் 10 மணிக்கு வருகிறார். அதுவரை தாத்தாவைத் தனியாக எழவிட வேண்டாம்.

மற்றவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். மருந்து அலமாரிச் சாவியை உங்கள் கையில்தான் கொடுப்பேன், 7.30 போன் வரும்வரை இங்கேயே இருக்கிறேன்.

இரவு ஷிப்ட் மிஸ்ஸி, காலை 6.40