உகரச் சுட்டு எதைச் சுட்டுகிறது? யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் ஒரு கள ஆய்வு

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, சக ஆய்வாளர்களே, வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் கனடாவிலுள்ள மகனுடன் தொலைபேசியில் பேசுகிறார். “உங்கை இப்ப என்ன நேரம், தம்பி? இஞ்சை விடிஞ்சிட்டுது” என்கிறார். கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு நகரத்தை அவர் ‘அங்கை’ என்று சொல்லவில்லை, ‘உங்கை’ என்கிறார். இந்த ஒரு சொல்லிலிருந்தே என் ஆய்வு தொடங்கியது.

‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்பது தொல்காப்பியம். நூற்பா மூன்று எழுத்துகளையும் சுட்டு என்று சொல்லி நின்றுவிடுகிறது, எது எவ்வளவு தூரத்துக்குரியது என்று கூறவில்லை. இகரம் அண்மைக்கு, அகரம் சேய்மைக்கு, உகரம் இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு என்ற விளக்கம் பிற்கால உரைகள் வழியாகவும் நாம் படித்த பாடநூல்கள் வழியாகவும் வந்தது. தமிழகத்தின் இன்றைய பேச்சுவழக்கில் உகரச் சுட்டு ஏறத்தாழ மறைந்துவிட்டதால், அங்கு எழுதப்பட்ட நூல்களுக்கு அந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. நமக்கு அந்தச் சலுகை இல்லை. உது, உவன், உந்த, உப்பிடி, உங்கை ஆகியவற்றைச் சொல்லாமல் இங்கு ஒரு வீட்டில் ஒரு பொழுது கழியாது.

ஆகவே என் வினா இதுதான்: யாழ்ப்பாணப் பேச்சில் உகரச் சுட்டு நடுத்தூரத்தைச் சுட்டுகிறதா, அல்லது கேட்பவரைச் சார்ந்த இடத்தையும் பொருளையும் சுட்டுகிறதா? இரண்டாவது வகை உலகில் அரிதன்று. யப்பானிய மொழியில் ‘சொ’ வரிசையும் சிங்களத்தில் ‘ஒய’ என்ற சொல்லும் கேட்பவர் பக்கத்தில் இருப்பதையே முதன்மையாகக் குறிக்கின்றன.

இவ்விரண்டு விளக்கங்களையும் சாதாரண உரையாடலில் பிரித்தறிவது கடினம். கேட்பவர் பெரும்பாலும் சற்றுத் தள்ளித்தான் இருப்பார், அவர் பக்கத்திலுள்ள பொருளும் நடுத்தூரத்தில்தான் இருக்கும். எனவே பொருளை நகர்த்தாமல் கேட்பவரை மட்டும் நகர்த்தும் ஒரு சோதனையை அமைத்தேன். கரவெட்டி, சுன்னாகம், புங்குடுதீவு ஆகிய மூன்று ஊர்களிலும் வீட்டு விறாந்தையில் ஒரு நீண்ட பாயை விரித்து, அதன் இரு முனைகளிலும் நடுவிலும் ஒவ்வொரு மூக்குப்பேணியை வைத்தோம். மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம், ஆகவே நிறத்தைச் சொல்லித் தப்ப முடியாது. பேசுபவர் ஒரு முனையில் இருந்தபடி, நான் காட்டிய பேணியை எடுக்கும்படி தம் உறவினரிடம் சொல்ல வேண்டும். முதற் சுற்றில் உறவினர் மறுமுனையில் இருந்தார், இரண்டாம் சுற்றில் எழுந்து வந்து பேசுபவரின் அருகிலேயே இருந்தார்.

முதல் நாள் பதிவு முழுவதும் வீணானது. எல்லோரும் விரலை நீட்டி “இது, இது” என்று முடித்துவிட்டார்கள். மறுநாள் பேசுபவரின் இரு கைகளிலும் அரிசி நிரம்பிய ஒரு சுளகைக் கொடுத்தேன். விரல் ஓய்ந்தபின் சொல் வெளிவந்தது.

இச்சோதனையோடு, அனுமதி பெற்று, தொலைபேசி உரையாடல்களில் வீட்டுப் பக்கத்துப் பேச்சை மட்டும் பதிவுசெய்தேன். “உது எண்டால் என்ன?” என்று நேரடியாகக் கேட்பதைக் களவேலையின் கடைசி நாள்வரை தள்ளிவைத்தேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இனி முடிபுக்கு வருகிறேன். உறவினர் மறுமுனையில் இருந்தபோது அவர் பக்கத்துப் பேணி ‘உந்தப் பேணி’ ஆயிற்று. “உந்தப் பேணியை எடுங்கோ மாமி” என்ற வடிவம் மூன்று ஊர்களிலும் ஒரே சீராக வந்தது. அவர் எழுந்து பேசுபவரின் அருகில் வந்ததும், ஓர் அங்குலமும் அசையாத அதே பேணி ‘அந்தப் பேணி’ ஆகிவிட்டது. பாயின் நடுவில் இருந்த பேணியே நடுத்தூர விளக்கத்தின்படி எப்போதும் ‘உந்த’ பெற வேண்டியது. ஆனால் கேட்பவர் பேசுபவரின் அருகில் வந்தமர்ந்த சுற்றில் அது பெரும்பாலும் ‘அந்த’ என்றே குறிக்கப்பட்டது. கரவெட்டியில் ஒரு முதியவர் மட்டும் இரு சுற்றிலும் நடுப்பேணியை ‘உது’ என்றே சொன்னார். அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. பழைய வழக்கொன்று அவரிடம் தங்கியிருக்கக்கூடும்.

தொலைபேசிப் பதிவுகள் இதை மேலும் உறுதிப்படுத்துகின்றன. கேட்பவர் இருக்கும் நகரம் எவ்வளவு தொலைவாயினும் அது ‘உங்கை’தான். அதே தாய் அதே நகரத்தைப் பற்றி அயல்வீட்டுப் பெண்ணிடம் பேசும்போது “அங்கை சரியான குளிராம்” என்கிறார். நகரம் மாறவில்லை, தூரமும் மாறவில்லை, கேட்பவர் மட்டுமே மாறியிருக்கிறார்.

இடத்தைக் கடந்து பேச்சுக்குள்ளும் இதே ஒழுங்கு செல்கிறது. கேட்பவர் சற்றுமுன் சொன்ன சொல்லும் அவருடைய உடைமை போலவே நடத்தப்படுகிறது. “உப்பிடிச் சொல்லாதையுங்கோ”, “உதென்ன கதை?” என்னும் தொடர்களில் மறுக்கப்படுவது எதிரிலிருப்பவரின் கூற்று. தம் கூற்றைத் தாமே மறுபடி சுட்டும்போது எவரும் ‘உது’ என்று சொன்னதாக என் பதிவுகளில் இல்லை. ‘உவன்’ என்ற சொல்லில் சிலர் உணரும் இளக்காரமும் இதிலிருந்து கிளைத்ததாக இருக்கலாம், ஆனால் அதை நிறுவும் அளவுக்கு என்னிடம் தரவு இல்லை.

கடைசி நாளில் நேரடியாகக் கேட்டபோது, அதுவரை கேட்பவரைச் சார்ந்தே உகரத்தை ஆண்டவர்கள், “உது எண்டால் கொஞ்சம் தள்ளி இருக்கிறது” என்று பாடநூல் விளக்கத்தையே ஒப்புவித்தார்கள். பேச்சுமொழி ஆய்வில் வினாக்கொத்தை மட்டும் நம்புவது குறித்து எனக்கு இருந்த ஐயம் அன்று வலுத்தது.

சிங்களத் தொடர்பு பற்றி இங்கு வினா எழும் என்று எதிர்பார்க்கிறேன். உகரச் சுட்டு தொல்காப்பியத்திலேயே இருப்பதாலும், சங்கப் பாடல்களில் ‘உதுக்காண்’ என்ற தொடர் வருவதாலும், வடிவத்தைக் கடன் என்று கொள்ள இடமில்லை. அதன் பொருள் இங்கு நிலைபெற அயல்மொழி துணைசெய்ததா என்பது வேறு வினா, அதற்கு என் தரவு விடை தராது.

என் முடிபுக்கு அடங்காத ஒரு வழக்கைச் சொல்லி நிறுத்துகிறேன். வெளியே புறப்படுபவரிடம் “எங்கை போறியள்?” என்று கேட்டால், “உதிலை போட்டு வாறன்” என்பார். புறப்படும் நேரத்தில் அப்படிக் கேட்பதே சகுனப் பிழை என்பதால் பதிலும் மழுப்பலாகவே வருகிறது. இங்கே ‘உதிலை’ கேட்பவரின் இடம் அன்று. அருகிலுள்ள, பெயர் சொல்லத் தேவையில்லாத ஏதோ ஓரிடம். நடுத்தூரப் பொருளின் எச்சமா, அல்லது ‘உங்களுக்கும் தெரிந்த இடந்தானே’ என்ற வகையில் கேட்பவரை உள்வாங்கும் பயன்பாடா? நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன், ஆயினும் கரவெட்டி முதியவரின் நடுப்பேணி என்னைத் தடுக்கிறது.

புங்குடுதீவில் ஒரு படலையடியில் பதிவான இருபது விநாடிப் பேச்சை இப்போது ஒலிக்கவிடுகிறேன். அதில் ‘உதிலை’ இருமுறை வருகிறது. இரண்டையும் நீங்கள் எப்படிப் பொருள்கொள்கிறீர்கள் என்பதிலிருந்து கலந்துரையாடலைத் தொடங்கலாம்.