முடிவுப் பதிவேடு 2024–25: நிர்வாகக் குழுவும் துணைக்குழுக்களும் எடுத்தவை

மேடவாக்கம் குடியிருப்பு, 3 பிளாக், 96 வீடுகள். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்த நிர்வாகக் குழுக் கூட்டங்கள், செப்டம்பர் பொதுக்குழு, தண்ணீர், லிஃப்ட், கணக்கு துணைக்குழுக்கள் எல்லாவற்றின் மினிட்ஸையும் படித்து, என்ன முடிவானது, ஏன், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எடுத்து வைத்திருக்கிறேன். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது மினிட்ஸ் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

தேடுவதற்கு Ctrl+F போதும். ஒவ்வொரு பதிவிலும் # போட்ட சொற்கள் உண்டு. மினிட்ஸில் லிஃப்ட், லிப்ட், மின்தூக்கி என்று மூன்று விதமாக எழுதியிருந்ததால் இங்கே எல்லா இடத்திலும் #லிஃப்ட் என்றே போட்டிருக்கிறேன். அதே மாதிரி #பேஸ்மென்ட், #மெயின்டனன்ஸ், #நாய், #சோலார். நிலையைத் தேட #அமலில், #முடிந்தது, #நிலுவை, #ரத்து. துணைக்குழு சொன்னது பரிந்துரைதான், நிர்வாகக் குழு ஏற்றால்தான் அதற்கு எண் கிடைக்கும். ஏற்காமல் நின்று போனவற்றுக்கு எண் இல்லை, #பரிந்துரை என்று மட்டும் இருக்கும். "போன வருஷமே முடிவு பண்ணிட்டாங்களே" என்று சண்டை வருவதெல்லாம் இவற்றை வைத்துத்தான், அதனால் இதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

24-01 | 2024 ஏப்ரல் 21 | நிர்வாகக் குழு | #நாய் #லிஃப்ட் #ரத்து
வளர்ப்பு நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம். 24-04 இதை ரத்து செய்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் இன்னும் பழைய தாள் ஒட்டியிருந்தால் கிழித்துவிடலாம்.

24-02 | 2024 மே 19 | நிர்வாகக் குழு | #பேஸ்மென்ட் #மோட்டார் #மழை #முடிந்தது
பேஸ்மென்டில் இருக்கும் மோட்டார் பேனல் மூன்றையும் தரையிலிருந்து 4 அடி உயரத்துக்கு மாற்றுவது, செலவு ரூ. 1,84,000, கார்பஸ் ஃபண்டிலிருந்து. தண்ணீர் துணைக்குழு 2 அடி போதும் என்றுதான் எழுதிக் கொடுத்தது, அதில் செலவும் ரூ. 60,000 குறைவு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சி பிளாக் பேஸ்மென்ட் சுவரில் தண்ணீர் நின்ற கறை 3 அடியைத் தாண்டி இருப்பதை வாட்ச்மேன் அளந்து காட்டிய பிறகு 4 அடி என்று ஒருமனதாக முடிவானது. வேலை செப்டம்பர் முதல் வாரம் முடிந்தது. அக்டோபர் 15 மழையில் பேஸ்மென்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தும் மோட்டார் நிற்கவில்லை. அடுத்த குழு யாராவது இடம் அடைக்கிறது என்று பேனலைக் கீழே இறக்க நினைத்தால் முதலில் இந்தப் பதிவைப் படிக்கட்டும்.

24-03 | 2024 மே 19 | நிர்வாகக் குழு | #மழைநீர் #அமலில்
மழைநீர் சேகரிப்புக் குழிகளை ஒவ்வொரு ஆகஸ்டிலும் தூர் வாருவது. இது வருடா வருடம் தொடரும், மறுபடி தீர்மானம் தேவையில்லை.

24-04 | 2024 ஜூன் 16 | நிர்வாகக் குழு | #நாய் #லிஃப்ட் #அமலில்
24-01 ரத்து. வளர்ப்புப் பிராணிகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்வதை ஏ பிளாக் உரிமையாளர் ஒருவர் எழுத்தில் கொடுத்தார், குழு ஏற்றது. கயிற்றில் பிடித்துக்கொண்டு வர வேண்டும், அசுத்தம் செய்தால் வளர்ப்பவரே சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி. தெரு நாய்களுக்குச் சாப்பாடு வைக்கும் இடம் பின் கேட் அருகே. 2023 நாய்க் கருத்தடை விதிகளின்படி அந்த இடத்தை ஏற்பாடு செய்வது சங்கத்தின் பொறுப்பு, இதில் பிடித்தது பிடிக்காதது என்பதற்கு இடமில்லை.

24-05 | 2024 ஜூலை 14 | நிர்வாகக் குழு, ஆதரவு 4, எதிர்ப்பு 3 | #லிஃப்ட் #ஏஎம்சி #அமலில்
6 லிஃப்டுகளுக்கும் உதிரிபாகம் சேர்ந்த ஏ.எம்.சி.க்கு மாறுவது, ஒரு லிஃப்டுக்கு வருடம் ரூ. 58,000. பழைய ஒப்பந்தம் ரூ. 27,000தான், அதைப் பார்த்தால் இது இரண்டு மடங்கு மாதிரி தெரியும். ஆனால் முந்தைய 2 வருடத்தில் உதிரிபாகத்துக்கு மட்டும் தனியாக ரூ. 3,90,000 கட்டியிருக்கிறோம், அதை 6 லிஃப்டுக்கும் 2 வருடத்துக்கும் பிரித்தால் லிஃப்டுக்கு வருடம் ரூ. 32,500, ஆக மொத்தம் ரூ. 59,500 ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தது. எதிர்த்த மூவரின் காரணமும் பதிவாக வேண்டும்: ஒப்பந்த வரைவில் கன்ட்ரோலர் போர்டு "உதிரிபாகத்தில் சேராது" என்று சின்ன எழுத்தில் இருந்தது. அவர்கள் சொன்னது சரி. அந்த வரியை நீக்கிய பிறகே ஆகஸ்டில் கையெழுத்தானது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் 45 நிமிடத்துக்குள் ஆள் வர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு.

24-06 | 2024 செப்டம்பர் 22 | பொதுக்குழு, ஆதரவு 41, எதிர்ப்பு 9 | #மெயின்டனன்ஸ் #ஜிஎஸ்டி #அமலில்
மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு ரூ. 3.25லிருந்து ரூ. 3.60, அக்டோபர் முதல். பொருளாளர் கேட்டது ரூ. 3.80. செக்யூரிட்டி சம்பள உயர்வும் ஜெனரேட்டர் டீசலும்தான் காரணம், லிஃப்ட் ஏ.எம்.சி. இல்லை (24-05 பாருங்கள்). 1,150 சதுர அடி வீட்டுக்கு மாதம் ரூ. 402.50 கூடும். ஜி.எஸ்.டி. வருமா என்று பலர் கேட்டீர்கள்: ஒரு வீட்டுக்கு மாதம் ரூ. 7,500ஐத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு, நம்மிடம் பெரிய வீடே 1,640 சதுர அடி, அதற்கு ரூ. 5,904 ஆகிறது. 2 வீடு வைத்திருப்பவருக்கும் வரம்பு வீட்டுக்கு வீடு தனித்தனியாகத்தான்.

24-07 | 2024 நவம்பர் 17 | நிர்வாகக் குழு | #டிடிஎஸ் #செக்யூரிட்டி #அமலில்
செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் நிறுவனங்களின் பில்லில் 2 சதவீத டி.டி.எஸ். பிடித்துவிட்டுத்தான் பணம் கொடுப்பது. கணக்கு துணைக்குழு ஜூலையிலேயே சொன்னது, மூன்று கூட்டத்தில் ஒத்திப்போடப்பட்டது.

25-08 | 2025 ஜனவரி 19 | நிர்வாகக் குழு | #சோலார் #மொட்டைமாடி #நிலுவை
பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 30 கிலோவாட் சோலார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பி.எம். சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குக் கிலோவாட்டுக்கு ரூ. 18,000 மானியம், நமக்கு ரூ. 5,40,000 வரும். ஆனால் பி பிளாக் மொட்டைமாடி ஒழுகுகிறது, பேனல் போட்ட பிறகு வாட்டர்ப்ரூஃபிங் செய்ய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் முதலில் வாட்டர்ப்ரூஃபிங்குக்கு 3 கொட்டேஷன் வாங்குவது என்று முடிவு. மார்ச் கூட்டம் வரை வந்தது ஒன்றுதான். பொறுப்பு: பி பிளாக் பிரதிநிதி.

எண் இல்லை | 2025 பிப்ரவரி 16 | தண்ணீர் துணைக்குழு | #மீட்டர் #லாரித்தண்ணீர் #பரிந்துரை
வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர். இது முடிவாகவில்லை, நிர்வாகக் குழு விவாதிக்கவே இல்லை. ஒரு வீட்டுக்குச் சமையலறை, குளியலறை என்று 3 இடத்தில் குழாய் மேலிருந்து இறங்குவதால் ஒரு மீட்டர் போதாது, 3 வேண்டும் என்பதுதான் துணைக்குழு குறிப்பில் இருக்கும் முக்கியமான விஷயம். லாரித் தண்ணீர் செலவைக் குறைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை, அடுத்த கூட்டத்தில் எடுக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

25-09 | 2025 மார்ச் 16 | நிர்வாகக் குழு | #பதிவேடு #அமலில்
ஒவ்வொரு கூட்டம் முடிந்து 7 நாளுக்குள் செயலாளர் இந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பழைய பதிவை அழிக்கக் கூடாது, மாறினால் புது எண் போட்டு இரண்டிலும் ஒன்றையொன்று குறிப்பிட வேண்டும். பதிவேட்டுக்கும் மினிட்ஸ் புத்தகத்துக்கும் வேறுபாடு இருந்தால் கையெழுத்தான மினிட்ஸே செல்லும்.