கருத்தரங்க அழைப்பை ஏற்க இயலாமை தெரிவிக்கும் கடிதம்

அனுப்புநர்
மு. செல்வி,
மலைப்பூண்டு விவசாயி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
அரசு மகளிர் கலைக் கல்லூரி,
நிலக்கோட்டை,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: 14.11.2024 அன்று நடைபெறவுள்ள புவிசார் குறியீடு பற்றிய கருத்தரங்கில் கலந்துகொள்ள இயலாமையைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அழைப்புக் கடிதம், நாள் 28.10.2024.

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பார்வையில் கண்ட தங்கள் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி மாணவிகளிடம் பேச, அதை விளைவிக்கிற ஒரு பெண்ணையே கூப்பிட வேண்டும் என்று நினைத்த தங்களுக்கும் துறை ஆசிரியர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஆனால் அன்று என்னால் வர இயலாத நிலை. அதற்காக மிகவும் வருந்துகிறேன். அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் பூண்டு நடவு. விதைப்பூண்டைப் பரணிலிருந்து இறக்கிப் பல் பிரித்துவிட்டால் அப்புறம் போட்டுவைக்க முடியாது, நட்டாக வேண்டும். ஆளும் சொல்லியாயிற்று. ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடவு என்பதால், தவறவிட்டால் மறுபடி ஆள் கிடைக்காது. இங்கிருந்து கொடைக்கானலுக்கே 18 கிலோமீட்டர், அதன்பிறகுதான் மலை இறங்க வேண்டும். காலை 10 மணிக்கு அங்கே இருக்க முந்தின நாளே கிளம்ப வேண்டியிருக்கும்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்றே உடனே எழுதுகிறேன். அருள்கூர்ந்து என் பெயரைச் சேர்க்க வேண்டாம். பெயரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஏமாற்ற எனக்கு மனம் வராது.

கருத்தரங்குக்கு முன் ஒரு கட்டுப் பூண்டு கொடுத்தனுப்புகிறேன். தோல் பழுப்பேறிப் புகை வாடை அடிக்கும். கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிட வேண்டாம், அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகையூட்டியதால் வந்த வாடை அது. சந்தையில் வெளியூர்ப் பூண்டையும் மலைப்பூண்டு என்று சொல்லி விற்கிறார்கள். மாணவிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பல்லை உரித்து நசுக்கி முகர்ந்து பார்க்கட்டும். குறியீடு எதற்கு என்று நான் மேடையில் சொல்ல நினைத்ததில் பாதி அதிலேயே விளங்கிவிடும்.

மீதியை இங்கே வந்து கேட்கட்டும். மாசி, பங்குனியில் அறுவடை சமயத்தில் மாணவிகளை அழைத்து வந்தால், நிலத்தில் நின்றே சொல்லித் தருகிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

கருத்தரங்கு சிறப்புற நடைபெற என் வாழ்த்துகள். வர இயலாமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நன்றி.

இடம்: பூம்பாறை
நாள்: 04.11.2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வி