மதுரைச் சுங்குடி: இருவர் பேசும் ரீல்ஸ் வசனம்

90 விநாடி. இன்ஸ்டாகிராமில் ஒரே கொலாப் பதிவாக இருவர் பக்கத்திலும் வரும். கருத்துகள் ஒரே இடத்தில் சேரும். இடம்: மலர் வீட்டு மொட்டை மாடி, காலை வெயில்.

கார்த்தி, வரலாறு உன் பங்கு, முடிச்சு என் பங்கு. ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா தலையாட்ட வேண்டாம், கையில் வேலை இருக்கட்டும். – மலர்

காட்சி 1
(கொடியில் இரண்டு சிவப்புச் சேலைகள்.)

கார்த்தி: அக்கா, இரண்டையும் சுங்குடி என்றுதான் கொடுத்தார்கள். விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மலர்: இந்தப் புள்ளியைத் தொட்டுப் பார், தம்பி.

கார்த்தி: சொரசொரப்பாக இருக்கிறது. வெள்ளைப் புள்ளிக்கு நடுவில் ஊசிமுனை அளவு சிவப்பு!

மலர்: அங்கேதான் முடிச்சு இருந்தது. கிள்ளிய துணியின் நுனி நூலுக்கு வெளியே நிற்கும். அதில் மட்டும் சாயம் ஏறிவிடும்.

காட்சி 2
(விரல்கள் மட்டும், மிக அருகில்.)

மலர்: நகத்தால் துணியைத் துளி கிள்ளித் தூக்க வேண்டும். நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில்.

(பத்து விநாடி பேச்சு இல்லை, இசையும் இல்லை. நூல் இறுகும் ஒலி போதும். நீளம் அதிகமானால் வேறு எங்காவது வெட்டு. இதில் கை வைக்காதே.)

கார்த்தி: எனக்கு நழுவிக்கொண்டே போகிறது, அக்கா.

மலர்: நூலைத் தளர விடாதே. அப்படித்தான்.

காட்சி 3
கார்த்தி: நாயக்கர் மகாலைச் சுற்றி வாழ்ந்த சௌராஷ்டிர மக்கள் மதுரையில் வளர்த்த கைவேலை இது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்று அச்சடித்த புள்ளிகளும் விற்பனைக்கு வருகின்றன.

மலர்: அச்சுச் சேலை வாங்குவதில் தவறில்லை. அதை அச்சு என்று சொல்லி விற்க வேண்டும். முடிச்சுப் போட்ட பெண்களின் விரல் வலிக்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

காட்சி 4
(இருவரும் சேர்ந்து. ‘என்னைப் பின்தொடருங்கள்’ என்று நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லவில்லை. பார்ப்பவரிடம் ஒரே ஒரு வேலையைத்தான் கேட்கிறோம். அந்த வாக்கியத்தை ஆளுக்குப் பாதியாகப் பேசுவோம்.)

கார்த்தி: உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய சுங்குடி இருந்தால், இன்றே எடுத்துப் புள்ளியைத் தடவிப் பார்த்து...

மலர்: ...அது யாருடைய சேலை, முடிச்சா அச்சா என்று கீழே எழுதுங்கள்.

(பேச்சு முடிந்ததும், முன்தினம் சாயம் தோய்த்துக் காயவைத்த துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுக்கிறோம். முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து, புள்ளிகள் திறக்கின்றன. அதோடு வெட்டு.)