தன்விவரக் குறிப்பு: ச. கோமதி

காட்பாடி, வேலூர் மாவட்டம்
விண்ணப்பிக்கும் பணி: செக்யூரிட்டி அனலிஸ்ட், முதல் நிலை

சுருக்கம்
2019 முதல் ஐடி சப்போர்ட். வரும் டிக்கெட்டுகளில் எது வெறும் கோளாறு, எது ஊடுருவல் முயற்சி என்று பிரித்துப் பார்ப்பதே எனக்குப் பிடித்த வேலை. அதை முழுநேரமாகச் செய்ய விரும்புகிறேன்.

அனுபவம்
ஐடி சப்போர்ட் இன்ஜினியர், தோல் ஏற்றுமதி நிறுவனம், ராணிப்பேட்டை, 2019 முதல் இன்றுவரை

கணக்குப் பிரிவில் ஒருவரின் லாகின் அடிக்கடி லாக் ஆனது. ரீசெட் செய்ததோடு விடாமல் சர்வரின் செக்யூரிட்டி லாக்கைப் பார்த்தேன். நள்ளிரவில் வரிசையாக 4625, அதாவது தோல்வியடைந்த லாகின், எல்லாம் ஒரே வெளி ஐபி. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தது. மேலாளர் ஒப்புதலோடு அதை மூடி, விபிஎன் வழி மட்டும் அனுமதித்தோம். அந்த ஐபியிலிருந்து 4624, அதாவது வெற்றிகரமான லாகின், எதுவும் இல்லை என்று உறுதிசெய்து அறிக்கை கொடுத்தேன்.

மற்றபடி வழக்கமானவை: பேட்ச், பேக்கப், ஆன்டிவைரஸ், புதியவர்களுக்கு ஃபிஷிங் மெயில் பயிற்சி.

சொந்தப் பயிற்சி
வீட்டில் விர்ச்சுவல் மெஷின்களில் Wazuh என்ற செக்யூரிட்டி கண்காணிப்பு மென்பொருளை அமைத்து அலர்ட் விதிகள் எழுதுகிறேன். வயர்ஷார்க் நன்றாக வரும்; பைத்தான், லாக் அலசும் அளவுக்கு. எஸ்ஓசியில் வேலை பார்த்ததில்லை.

கல்வி
பி.எஸ்சி. கணினி அறிவியல், திருவள்ளுவர் பல்கலைக்கழகம், 2018

மொழிகள்
தமிழ், ஆங்கிலம், உருது பேச மட்டும்

இரவு ஷிப்ட் சம்மதம். சென்னைக்கோ பெங்களூருக்கோ மாறவும் தயார்.