ஆறு வாரங்கள், 23 சமையல்கள்: ரொட்டியும் சூப்பும் பற்றிய ஒரு சமையல் நூல்

சொந்தக் காசில் வாங்கிய இந்த நூலின் 112 குறிப்புகளில் 23 குறிப்புகளை ஆறு வாரங்களில் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் முதல்முறை எழுத்து மாறாமல் செய்தேன். சரியாக வராதவற்றை, தவறு என் கையிலா நூலிலா என்று தெரிந்துகொள்ள மறுபடியும் செய்தேன். இறைச்சி அத்தியாயத்தைத் தொடவில்லை. அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

நூலின் பலம் ரொட்டி அத்தியாயம். 500 கிராம் மாவு, 350 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு என எல்லாமே எடையில் உள்ளன. அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரே கோப்பை மாவு 120 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மாவு பொங்கி முடிந்ததா என்பதையும் ஆசிரியர் கடிகாரத்திடம் விட்டுவிடவில்லை. விரலால் அழுத்திய பள்ளம் மெல்ல எழும்பி, முழுவதும் மறையாமல் நின்றால் ஓவனில் வைக்கலாம் என்கிறார். குளிரான ஒரு நாளில் அவர் சொன்ன ஒன்றரை மணி நேரம் இரண்டே முக்கால் மணி நேரமாக நீண்டபோதும், அந்தப் பள்ளத்தை நம்பிக் காத்திருந்ததால் ரொட்டி நன்றாகவே வந்தது.

இவ்வளவு நிதானமானவர் வெங்காயத்தில் ஏன் அவசரப்படுகிறார் என்பதுதான் புரியவில்லை. சூப்புக்காக நான்கு பெரிய வெங்காயங்களை மிதமான தீயில் 12 நிமிடங்களில் கரும்பழுப்பாக்கச் சொல்கிறார். 12ஆம் நிமிடத்தில் என் வாணலியில் வெங்காயம் நீர்விட்டு, வெளிறிப்போய்க் கிடந்தது. அவர் கேட்ட நிறம் வர 45 நிமிடங்கள் ஆயின. நீர் வற்றிய பிறகுதான் வெங்காயம் சிவக்கும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகிக் கசக்கிறது; இரண்டாம் முறை அதையும் செய்து கெடுத்தாயிற்று. தலைப்பின் கீழுள்ள “மொத்தம் 35 நிமிடங்கள்” என்பதை நம்பி விருந்தினரை அழைத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

சூப்புகளில் உப்பின் அளவும் தேக்கரண்டிக்கு மாறிவிடுகிறது. பொடியுப்பா, கல்லுப்பா என்ற குறிப்பில்லை. ஒரு தேக்கரண்டி பொடியுப்பு அதே அளவு கல்லுப்பைவிட எடை கூடியது. நான் பொடியுப்பைப் போட்டதில் மூன்று சூப்புகள் கரித்தன. பாதியைப் போட்டு, ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேர்ப்பது நல்லது.

நூலின் கட்டு உறுதியானது, மேசையில் விரித்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்கிறது. படங்கள் அழகு, ஆனால் அனைத்தும் பரிமாறிய தட்டுகள். மாவை உருட்டி மடிக்கும் இடத்தில், கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்ற இடத்தில், ஒரு படம்கூட இல்லை. பொருளகராதி உணவின் பெயரை மட்டும் வைத்துள்ளதால், கையிலிருக்கும் பூசணிக்காயை வைத்து ஒன்றைத் தேட முடியவில்லை.

வீட்டில் ரொட்டி சுடக் கற்க விரும்புபவர் தயங்காமல் வாங்கலாம், தராசு ஒன்று இருந்தால். அவசர நாட்களுக்கான சூப்பைத் தேடுபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.