திங்கட்கிழமை வருவதற்கு முன்னால் சில விஷயங்கள்

வணக்கம் கவிதா,

நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய ஆஃபர் லெட்டர் கிடைத்தது, எச்ஆர் பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வந்தால் போதும். நாங்கள் 9 மணிக்கே வந்துவிடுவோம், ஆனால் முதல் ஒரு மணி நேரம் ஆளாளுக்கு மெயில் பார்த்துக்கொண்டிருப்போம், அந்த நேரத்தில் வந்தால் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது.

தரைத்தளத்தில் ரிசப்ஷனில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், சொல்லி வைத்திருக்கிறேன். தற்காலிக பாஸ் கொடுப்பார்கள். அது 3வது மாடிக் கதவை மட்டும்தான் திறக்கும், அதனால் வேறு எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பதறாமல் எனக்கு போன் செய்யுங்கள். புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையின் அசல், கடைசி வேலையின் ரிலீவிங் லெட்டர், வங்கிக் கணக்கு விவரம், இந்த மூன்றும் வேண்டும். வங்கி விவரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள், 20ஆம் தேதிக்குள் பதிவாகாவிட்டால் இந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும்.

லேப்டாப் தயாராக உங்கள் மேஜையில் இருக்கும், நேற்று நானே ஆன் செய்து பார்த்துவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் முதல் வேலையில் இரண்டு நாள் லேப்டாப்பே வரவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. பாஸ்வேர்ட் ஒரு மூடிய கவரில் இருக்கும், உள்ளே போனதும் மாற்றச் சொல்லும். அப்புறம், உங்கள் இருக்கைக்கு நேர் மேலே ஏசி. முன்பு அங்கே உட்கார்ந்திருந்தவர் வருடம் முழுக்க ஸ்வெட்டரோடுதான் இருந்தார், நீங்களும் ஒன்று எடுத்து வந்துவிடுங்கள். மற்றபடி உடைக்குப் பெரிய விதி எதுவும் இல்லை, இன்டர்வியூவுக்கு வந்தது போல அவ்வளவு ஃபார்மலாக வர வேண்டாம்.

போனில் பேசியபோது, எங்கள் சாஃப்ட்வேரை முன்னாலேயே படித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். எங்கள் செட்டப்பைப் பார்க்காமல் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் வாரம் உங்களிடம் எந்த வேலையும் எதிர்பார்க்கவில்லை, பிரியா பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைப் பாருங்கள், கேள்வி கேளுங்கள். அவரும் போன வருடம் புதிதாக வந்தவர்தான், அதனால் எங்கே தடுக்கும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது வாரத்தில் சின்னதாக ஒரு ரிப்போர்ட் தருவேன், அதையும் நான் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவோம்.

மதியம் டீம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு உங்களுக்கும் சேர்த்து வரவழைக்கிறேன். சாப்பிடக் கூடாதது ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்.

சரவணன்